நான்கு ரோலுக்கு எழுதியதை ஆறு ரோலுக்கு எப்படி நீட்டுவது?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கணக்குப் பிரிவுக்கு அவ்வப்போது நிரல் எழுதிக் கொடுக்கிறேன். நிட்டிங் ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு துணி ரோலையும் அங்கே எடை போட்டு, எண் ஒட்டி அடுக்குவார்கள். ஒரு ரோல் 25 கிலோவுக்கு அருகே இருக்கும். ஆனால் சரியாக 25 கிலோ இருப்பது அரிது. சிறிய சாய எந்திரத்தில் 4 ரோல் ஏறும். சாயக் குறிப்பு 100 கிலோவுக்கு எழுதப்பட்டிருக்கும். மேலாளர் என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, கூட்டினால் சரியாக நூறு கிலோ வருகிற நான்கு ரோல்கள் எவையெவை என்று பட்டியல் கொடுக்க முடியுமா?"

எடை சரியாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ துணிக்கு இத்தனை லிட்டர் தண்ணீர், இத்தனை கிராம் சாயம் என்ற விகிதத்தில்தான் நிறம் உட்காருகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதற்குப் பிறகு, கழிவு நீரை ஆற்றில் விடாமல் முழுவதும் சுத்திகரித்துத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கூடுதலாக ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரும் செலவு.

நிரலாளர்களுக்கு இது பழகிய கணக்கு. லீட்கோட்டில் 18ஆம் எண்ணாக இருக்கும் நான்கெண் கூட்டல்தான். ஒரு பட்டியலில் கூட்டுத்தொகை இலக்குக்குச் சமமாகும் எல்லா நான்கெண் தொகுதிகளையும், ஒன்றுகூடத் திரும்ப வராமல் தர வேண்டும். இதை எழுத எனக்கு மூன்று வழிகள் இருந்தன. நான்கு ரோலுக்கு மட்டும் கையால் லூப் அடுக்குவது முதல் வழி. எத்தனை ரோலானாலும் தன்னையே அழைத்துக்கொண்டு இறங்கும் ஒரே செயல்கூறு இரண்டாவது. இரண்டிரண்டு ரோல்களின் கூட்டுத்தொகைகளை ஹாஷ் அட்டவணையில் போட்டுப் பொருத்துவது மூன்றாவது. நான் எடுத்தது இரண்டாவதை. கோபியிலிருந்து வரும் என் இளைய சக பொறியாளர் மூன்றாவதற்காக வாதாடினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. எடையைத் தசமமாக வைத்துக்கொண்டு "சமமா" என்று கேட்கக் கூடாது. கணினியில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 ஆகிவிடுகிறது. ஆகவே எடைகளை 100 கிராம் அலகில் முழு எண்ணாக மாற்றினேன். 23.6 கிலோ என்றால் 236, இலக்கு 1000. பிறகு ஏறுவரிசையில் அடுக்கினேன். இனி எட்டே ரோல்களை வைத்துப் பேசுவோம்:

```
236, 241, 245, 245, 250, 250, 260, 264
```

எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். அவற்றில் 7 வழிகளில் கூட்டினால் 1000 வருகிறது. ஆனால் எடையை மட்டும் பார்த்தால் விடைகள் மூன்றுதான்: (236, 250, 250, 264), (241, 245, 250, 264), (245, 245, 250, 260). இரண்டாவது விடையில் எந்த 245, எந்த 250 என்று மாற்றி மாற்றி எடுத்தால் அது நான்கு முறை வரும். மூன்றாவது இரண்டு முறை வரும். முதலாவது ஒரே முறை.

முதல் வழியில், அடுக்கிய பட்டியலில் வெளியே இரண்டு லூப்களும் உள்ளே இரு முனை நகர்வும் இருக்கும். இடது முனை சிறிய எண்ணில், வலது முனை பெரிய எண்ணில் நிற்கும். கூட்டுத்தொகை குறைந்தால் இடது முனை முன்னே வரும், கூடினால் வலது முனை பின்னே வரும். நான்கு லூப் அடுக்கினால் n⁴ ஆகும் வேலை இதில் n³ ஆகிறது. நான்கு மட்டும் போதுமென்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது மாதம் பெரிய எந்திரத்துக்கு ஆறு ரோல் பட்டியல் கேட்டார்கள். அப்போது இன்னும் இரண்டு லூப், அவற்றுக்கென்று தனித்தனி வெட்டு நிபந்தனை, தனித்தனி மறுபதிப்புச் சோதனை என்று எழுத வேண்டியிருந்தது. ஒரே நிபந்தனையை நான்கு இடத்தில் வேறு வேறு மாறிகளோடு எழுதும்போது ஏதாவது ஒன்றில் `i` இருக்க வேண்டிய இடத்தில் `j` வந்துவிடும். அதனால்தான் நான் அந்த வழியை விட்டேன்.

தன்னையே அழைக்கும் வழியின் கருத்து எளியது. k எண்கள் வேண்டுமென்றால் ஓர் எண்ணைப் பிடி, அதை இலக்கிலிருந்து கழி, அதற்கு வலப்புறம் உள்ளவற்றில் k−1 எண்களைத் தேடு. k இரண்டானதும் இரு முனை நகர்வுக்குப் போ.

```python
def k_sum(a, target, k, start=0):
    n = len(a)
    if k == 2:
        return two_sum(a, target, start)
    out = []
    for i in range(start, n - k + 1):
        if i > start and a[i] == a[i - 1]:
            continue
        if sum(a[i:i + k]) > target:
            break
        if a[i] + sum(a[n - k + 1:]) < target:
            continue
        for rest in k_sum(a, target - a[i], k - 1, i + 1):
            out.append([a[i]] + rest)
    return out
```

```python
def two_sum(a, target, lo):
    hi, out = len(a) - 1, []
    while lo < hi:
        s = a[lo] + a[hi]
        if s < target:
            lo += 1
        elif s > target:
            hi -= 1
        else:
            out.append([a[lo], a[hi]])
            lo += 1
            hi -= 1
            while lo < hi and a[lo] == a[lo - 1]:
                lo += 1
    return out
```

தன்னையே அழைப்பதால் நினைவகத்தில் அழைப்புகளின் அடுக்கு நிரம்பிவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். இங்கே ஆழம் k−2 படிகள்தான். ஆறு ரோலுக்கு நான்கு படி. பட்டியலில் ஆயிரம் ரோல் இருந்தாலும் ஆழம் கூடாது.

இந்த நிரலின் உயிர் `for` லூப்பின் முதல் மூன்று `if` வரிகளில் இருக்கிறது. அவற்றைக் கையால் ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். முருங்கைக்குக் கவாத்து செய்கிறவர் காய்க்காத கிளையை அது நீளும் முன்பே வெட்டுவதைப் போல, விடை வர வாய்ப்பே இல்லாத தேடலைத் தொடங்கும் முன்பே இந்த வரிகள் வெட்டுகின்றன.

முதலில் 236ஐப் பிடிக்கிறோம். மீதி 764, மூன்று ரோல் வேண்டும். அடுத்து 241ஐ எடுத்தால் இரண்டு ரோலில் 523 வேண்டும். இடது முனை நகர்ந்து 260 + 264 வரை வருகிறது, அது 524. ஒரே ஓர் அலகில் தவறிப்போகிறது. அடுத்து 245, 519 வேண்டும், கிடைக்கவில்லை. இரண்டாவது 245 அப்படியே தாண்டப்படுகிறது. 250ஐ எடுத்தால் 514 வேண்டும். மற்றொரு 250 உம் 264 உம் சேர்ந்து முதல் விடையைத் தருகின்றன.

பிறகு 241ஐ முதல் எண்ணாகப் பிடிக்கிறோம். மீதி 759. 245ஐ எடுத்ததும் 250 + 264 = 514 கிடைத்து இரண்டாவது விடை வருகிறது. இரண்டாவது 245 தாண்டப்படுகிறது. அடுத்தது 250. அங்கிருந்து எடுக்கக்கூடிய மிகக் குறைந்த மூன்று ரோல்கள் 250, 250, 260, கூட்டினால் 760. நமக்கு வேண்டியது 759. இனி வலப்புறம் போகப் போக எண்கள் ஏறத்தான் செய்யும். ஆகவே `break`.

மூன்றாவதாக 245. மீதி 755. உள்ளே இரண்டாவது 245ஐ எடுத்தால் 510 வேண்டும். 250 + 260 அதைத் தருகிறது. மூன்றாவது விடை. அடுத்த 250இல் மறுபடியும் 760 > 755, வெட்டு. வெளி லூப்பில் இரண்டாவது 245 தாண்டப்படுகிறது. 250இலிருந்து தொடங்கினால் மிகக் குறைந்த நான்கே 1024 ஆகிவிடுகின்றன. அத்தோடு முடிந்தது.

இந்த வெட்டும் தாண்டலும் இல்லாமல் ஓடினால் இரு முனை நகர்வு 15 முறை அழைக்கப்படும். இவற்றோடு 5 முறைதான். எட்டு ரோலுக்கே மூன்றில் ஒரு பங்கு. ஆனாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிக மோசமான பட்டியல் வந்தால் வேலையின் அளவு nᵏ⁻¹ என்ற வகையிலேயே இருக்கும். கவாத்து அந்த வகையை மாற்றுவதில்லை.

வெட்டு நிபந்தனையைப் பல இடங்களில் `a[i] * k > target` என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். தவறில்லை, ஆனால் மொன்னைக் கத்தி. மேலே 241ஐப் பிடித்து உள்ளே 250க்கு வந்த இடத்தில் அது 250 × 3 = 750 என்று பார்க்கும். 750 என்பது 759ஐ விடக் குறைவு, ஆகவே உள்ளே விட்டுவிடும். அடுத்தடுத்த k எண்களை உண்மையிலேயே கூட்டினால் 760 என்று தெரிந்து அங்கேயே நிற்கும். k சிறியதாக இருக்கும்வரை இந்தக் கூட்டல் செலவே இல்லை என்று சொல்லலாம்.

மூன்று இடங்களில் கை தவறும். மூன்றும் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் விடையை மட்டும் விழுங்கிவிடும் தவறுகள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, `i > start` என்ற இடத்தில் `i > 0` என்று எழுதுவது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மேல் படியில் முதல் 245ஐப் பிடித்து உள்ளே இறங்கும்போது, உள்படியின் தொடக்கமே இரண்டாவது 245. அதற்கு முந்தைய எண்ணும் 245. `i > 0` என்று எழுதியிருந்தால் அது தாண்டப்பட்டு (245, 245, 250, 260) என்ற விடை காணாமல் போகும். ஒரே படியில் அதே மதிப்பை இரண்டாவது முறை முயல்வதைத்தான் நாம் தடுக்க வேண்டும். மேல் படி ஒரு 245ஐ எடுத்தது, கீழ்ப் படி இன்னொரு 245ஐ எடுப்பதற்குத் தடையாகக் கூடாது.

இரண்டாவது, `break`, `continue` இரண்டையும் மாற்றிப் போடுவது. குறைந்தபட்சக் கூட்டலே இலக்கைத் தாண்டினால், இனி வருபவை எல்லாம் தாண்டும், நிறுத்திவிடலாம். அதிகபட்சக் கூட்டலும் இலக்கை எட்டவில்லையென்றால் இந்த எண்தான் போதவில்லை. அடுத்த பெரிய எண் எட்டலாம். அங்கே `break` போட்டால், பட்டியலின் தொடக்கத்தில் ஒரே ஒரு மிக லேசான ரோல் இருந்தாலும் மொத்தப் பட்டியலும் காலியாக வரும்.

மூன்றாவது, `a[i] > target` என்றால் நிறுத்து என்ற குறுக்கு வழி. எடைகள் எல்லாம் பூஜ்யத்துக்கு மேலே என்பதால் இது எங்கள் பட்டறைக்குச் சரியாகவே இருந்தது. பிறகு சக பொறியாளர், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஒவ்வோர் எடையிலும் 250ஐக் கழித்து வித்தியாசமாக வைத்தார். பட்டியல் −14, −9, −5, −5, 0, 0, 10, 14 என்று ஆனது. 98.1 கிலோ வேண்டுமென்றால் இலக்கு −19. விடை இருக்கிறது: −14, −5, 0, 0. ஆனால் முதல் எண்ணான −14 என்பதே −19ஐ விடப் பெரியது. குறுக்கு வழி அங்கேயே நின்றுவிடும். k எண்களைக் கூட்டிப் பார்க்கும் நிபந்தனைக்கு எதிர்ம எண்களால் எந்தக் கெடுதலும் இல்லை.

இந்தத் தவறுகளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எல்லாச் சேர்க்கைகளையும் முட்டாள்தனமாக எண்ணும் ஒரு நிரலோடு ஒப்பிடுவது.

```python
from itertools import combinations

def brute(a, t, k):
    return sorted(list(c) for c in {c for c in combinations(a, k) if sum(c) == t})
```

பத்துப் பன்னிரண்டு எண்கள் கொண்ட அடுக்கிய பட்டியல்களைத் தற்செயலாக உண்டாக்கி, இரண்டின் விடைகளும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எண்களை −5 முதல் 5 வரை என்ற குறுகிய எல்லைக்குள் வைத்தால் ஒரே மதிப்பு பலமுறை வந்து, மேலே சொன்ன மூன்று தவறுகளும் சில நூறு சோதனைகளில் வெளிப்பட்டுவிடும். ஒன்று முதல் பத்து லட்சம் வரை எண்களை எடுத்தால் மதிப்புகள் திரும்பவே வராது. `i > 0` தவறு கண்ணில் படாது. ஜாவா, சி++ போன்றவற்றில் எழுதுகிறவர்கள் பெரிய எண்களையும் தனியாகச் சோதிக்க வேண்டும். 100 கோடி என்ற எண்ணை நான்கு முறை கூட்டினால் 32 பிட் முழு எண்ணின் எல்லையான 2,14,74,83,647 தாண்டிவிடும்.

இப்போது ஹாஷ் அட்டவணை. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையையும் பதிந்துகொண்டு, இலக்கிலிருந்து கழித்தால் வரும் மற்ற இணையைத் தேடுவது. நான்கு எண்ணுக்கு இது n² வேலை. "நூறு கிலோ சேருமா, சேராதா" என்று மட்டும் கேட்டாலோ, "எத்தனை வழிகள்" என்று எண்ணிக்கை மட்டும் கேட்டாலோ, நான் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன். 300 ரோலுக்கு இணைகள் 44,850. நினைவகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

எங்களுக்கு வேண்டியது பட்டியல். அங்கேதான் இது சிக்கலாகிறது. ஒரே ரோல் இரண்டு இணைகளிலும் இருக்கக் கூடாது என்று பார்க்க வேண்டும். ஒரே நான்கு ரோல்களும் மூன்று விதமாக இரண்டிரண்டாகப் பிரியும், ஆகவே ஒவ்வொரு விடையும் பலமுறை வரும். ஒரே எடையுள்ள ரோல்களால் வரும் மறுபதிப்பு அதற்கு மேல். எல்லாவற்றையும் வடிகட்ட ஒரு பெரிய கணம் தேவைப்படும். ஆறு ரோலுக்குப் போனால் மும்மூன்றாகப் பதிய வேண்டும்; 300 ரோலுக்கு அது 44,55,100 பதிவுகள். ஐந்து ரோலென்றால் இரண்டும் மூன்றும் என்று சமமில்லாமல் பிரித்து வேறு நிரல் எழுத வேண்டும்.

ஆனாலும் சக பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, 300 ரோலில் ஆறு என்றால் உங்கள் வழி n⁵ ஆகிறதே, அது எந்தக் காலத்தில் முடியும்?" 300⁵ என்பது 2 லட்சம் கோடிக்கும் மேல். தாளில் அவர் சொல்வது சரி.

அதற்கான பதில் எடைகளிலேயே இருந்தது. ரோல்கள் எல்லாம் 23 கிலோவுக்கும் 27 கிலோவுக்கும் நடுவே இருக்கின்றன. 100 கிராம் அலகில் 230 முதல் 270 வரை 41 மதிப்புகள்தான். 300 ரோலிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 33 கோடிக்கும் மேற்பட்ட வழிகள். 41 மதிப்புகளிலிருந்து, திரும்ப எடுப்பதையும் சேர்த்து, நான்கைத் தேர்ந்தெடுக்க 1,35,751 வழிகள்தான். மறுபதிப்பைத் தாண்டும் அந்த ஒரு வரியை விடை அழகாக வருவதற்கான ஒழுங்கு என்றே பலர் நினைக்கிறார்கள். எங்கள் தரவில் அதுதான் பெரிய வேகம். இலக்கு வெட்டு அதற்கு அடுத்தபடிதான்.

அதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோகலாம். ஒரே எடை 20 ரோலில் இருந்தாலும், ஒரு விடையில் அதிகபட்சம் k முறைதான் வர முடியும். ஆகவே அடுக்கியவுடன் ஒவ்வொரு மதிப்பிலும் முதல் k பிரதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். நான்கு ரோல் கணக்குக்கு 300 என்பது அதிகபட்சம் 164 ஆகிவிடுகிறது. விடையில் ஒன்றும் குறையாது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரே எடையுள்ள ரோல்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக இருந்தால்தான் தாண்டலாம். இரண்டு 250களில் ஒன்று வேறு நூல் லாட்டிலிருந்து வந்ததென்றால் இரண்டும் ஒன்றில்லை. ஒரே சாயத்திலும் நிறம் வேறுபடலாம். முதலில் லாட் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு லாட்டுக்கும் தனியாக நிரலை ஓட்ட வேண்டும். எடைத் தொகுதி கிடைத்த பிறகு, எந்த எடைக்கு எந்த ரோல் எண்கள் என்ற அகராதியிலிருந்து எண்களை எடுத்துக்கொள்கிறோம்.

சரியாக 1000 வராத நாளில் என்ன செய்வது என்று மேலாளர் கேட்டார். இரு முனை நகர்வுக்குள் "ஏறத்தாழச் சமம்" என்ற நிபந்தனையைத் திணிக்க நான் முயலவில்லை. திணித்தால் இடது முனை, வலது முனை இரண்டில் எதை நகர்த்துவது என்ற தெளிவு போய்விடும். 1000, 999, 1001, 998, 1002 என்று ஐந்து இலக்குகளோடு அதே செயல்கூற்றை ஐந்து முறை அழைக்கிறேன். 200 கிராம் வரை அவர்களுக்குச் சம்மதம்.

ஆறு ரோல் எந்திரத்துக்கு மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். அங்கே விடைகள் ஆயிரக்கணக்கில் வரும். யாரும் படிக்கப் போவதில்லை, பட்டறைக்கு வேண்டியது பத்து விடைகள். ஆகவே `out` பட்டியலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு விடையையும் கிடைத்தவுடன் `yield` செய்யும்படி இரண்டு செயல்கூறுகளையும் மாற்றினேன். பத்தாவது விடையோடு நிறுத்தினால் மீதித் தேடல் நடப்பதே இல்லை. அட்டவணை வழியில் முதல் விடையைப் பார்க்கும் முன்பே மூவெண் கூட்டல்களைப் பதியத் தொடங்க வேண்டும். சக பொறியாளரும் நானும் உடன்பட்டது இந்த இடத்தில்தான்.

இந்த நிரலிடம் கேட்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அது விடைகளை ஒவ்வொன்றாகக் காட்டும். கையிலிருக்கும் எல்லா ரோல்களையும் நூறு நூறு கிலோவாகப் பிரித்துத் தராது. மேலே பார்த்த எட்டு ரோல்களின் மொத்தம் 199.1 கிலோ. மூன்று விடைகளில் எதை எந்திரத்தில் ஏற்றினாலும் மீதி நான்கு 99.1 கிலோதான். முதல் விடையை எடுத்துவிட்டால் இரண்டு 250களும் போய்விடும். பிறகு மற்ற இரண்டு விடைகளும் செல்லாது. ஒரு தொகுதியை ஏற்றியதும் அந்த ரோல்களைப் பட்டியலிலிருந்து நீக்கி, நிரலை மறுபடியும் ஓட்ட வேண்டும் என்று எடை மேடையில் இருப்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.